கிராம்-ஷ்மிட்: தாளில் ஒன்றான இரண்டு முறைகள் கணினியில் எங்கே பிரிகின்றன?

கேள்வி: கிராம்-ஷ்மிட் முறையை பைதானில் நானே எழுதிப் பார்த்தேன். `A − QR` எப்போதும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஆனால் நிரல்கள் ஏறக்குறைய ஒன்றையொன்று சார்ந்திருந்தால் `QᵀQ` அலகு அணியாக வருவதில்லை. ‘மாடிஃபைடு’ முறைக்கு மாற்று என்கிறார்கள். சூத்திரப்படி இரண்டும் ஒரே விடைதானே? மாற்றினால் பிரச்சினை முழுதாகத் தீருமா?

பதில்:

முழுதாகத் தீராது. செங்குத்துத்தன்மை கெடுவது மாடிஃபைடு முறையிலும் நடக்கும். ஆனால் அங்கே கெடுதலுக்கு ஓர் எல்லை உண்டு. நீங்கள் எழுதியிருக்கும் வழக்கமான, அதாவது கிளாசிக்கல் முறையில் அந்த எல்லை மிக எளிதில் உடைந்துவிடுகிறது. ஏன் என்பதை மூன்றே நிரல்கள் கொண்ட ஓர் அணியை வைத்துக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். கணினியே தேவையில்லை, ஒரே ஒரு ரவுண்டிங் எங்கே நடக்கிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

முதலில் இரண்டு முறைக்கும் உள்ள ஒரே வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்வோம். `k`-ஆவது நிரலிலிருந்து ஏற்கெனவே கிடைத்த `q1, q2, …` திசைகளின் பங்கை ஒவ்வொன்றாகக் கழிக்கிறோம். எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதைச் சொல்லும் கெழு `r`. கிளாசிக்கலில் எல்லாக் கெழுக்களையும் தொடாத, அசல் நிரலோடு புள்ளிப் பெருக்கல் செய்து எடுக்கிறோம். மாடிஃபைடில், இதுவரை கழித்தது போக மிச்சமிருக்கும் வெக்டரோடு பெருக்கி எடுக்கிறோம். கோடில் இது ஒரே வரி:

```python
import numpy as np

def gs(A, modified):
    m, n = A.shape
    Q = np.zeros((m, n)); R = np.zeros((n, n))
    for k in range(n):
        v = A[:, k].copy()
        for j in range(k):
            w = v if modified else A[:, k]
            R[j, k] = Q[:, j] @ w
            v = v - R[j, k] * Q[:, j]
        R[k, k] = np.linalg.norm(v)
        Q[:, k] = v / R[k, k]
    return Q, R
```

`q`-க்கள் ஒன்றுக்கொன்று துல்லியமாகச் செங்குத்தாக இருந்தால் `w` எதுவாக இருந்தாலும் கெழு மாறாது. `q1` திசையில் எதைக் கழித்தாலும் `q2`-வோடு செய்யும் பெருக்கலில் அது தெரியப்போவதில்லை. தாளில் இரண்டும் ஒன்றாக இருப்பது இதனால்தான். அந்த ‘துல்லியமாக’ என்பது கணினியில் கிடைக்காது. கதை அங்கேதான் தொடங்குகிறது.

1961-இல் லாய்க்லி பயன்படுத்திய அணி இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம். இன்றும் அவர் பெயரில்தான் அதை அழைக்கிறார்கள். மூன்று நிரல்கள், ஒவ்வொன்றிலும் நான்கு எண்கள்:

```
a1 = (1, d, 0, 0)
a2 = (1, 0, d, 0)
a3 = (1, 0, 0, d)
```

`d = 1e-8` என்று எடுத்துக்கொள்வோம். மூன்று நிரல்களும் கிட்டத்தட்ட ஒரே வெக்டர்தான். நூறு மில்லியனில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வேறுபடுகின்றன. ஆனாலும் உண்மையில் ஒன்றையொன்று சாராதவை. டபுள் பிரிசிஷனில் 1-க்குப் பக்கத்தில் ரவுண்டிங் பிழை சுமார் 1.1×10⁻¹⁶ வரை போகும். `d²` என்பது 10⁻¹⁶. ஆகவே `1 + d²` என்று கணக்கிட்டால் கணினி 1 என்றே வைத்துக்கொள்ளும். இந்த உதாரணத்தில் பொருட்படுத்த வேண்டிய ரவுண்டிங் இது ஒன்றுதான். மற்ற இடங்களில் வருவது இதற்கு முன் ஒன்றுமில்லை.

முதல் நிரலின் நீளம் `√(1+d²)`. கணினிக்கு அது 1. எனவே `q1 = (1, d, 0, 0)`.

இரண்டாம் நிரலுக்கு வருவோம். `r12 = q1·a2 = 1`. கழித்தால் `v = (0, -d, d, 0)`. அதன் நீளம் `d√2`. அதனால் வகுத்தால் `q2 = (0, -1, 1, 0)/√2`. இப்போது `q1·q2` என்ன? `-d/√2`, அதாவது சுமார் −7×10⁻⁹. இருக்க வேண்டியது 0, அல்லது 10⁻¹⁶ அளவில் ஏதோ ஒன்று. பதினாறு இலக்கத் துல்லியத்தில் ஏறக்குறைய பாதி இங்கேயே போய்விட்டது.

எப்படிப் போனது என்று பாருங்கள். `a2`-வின் நீளம் 1. கழித்த பிறகு மிஞ்சியது 1.4×10⁻⁸ நீளமுள்ள ஒரு துண்டு. `q1`-ஐ அமைத்தபோது நடந்த 10⁻¹⁶ அளவிலான பிழை அந்தத் துண்டில் அப்படியே இருக்கிறது. தன்னளவில் அது சிறியதுதான். ஆனால் துண்டை ஓரலகு நீளத்துக்கு நீட்டும்போது பிழையும் கூடவே நீள்கிறது: 10⁻¹⁶-ஐ 1.4×10⁻⁸-ஆல் வகுத்தால் 7×10⁻⁹. பெரிய எண்ணிலிருந்து ஏறக்குறைய அதே அளவுள்ள எண்ணைக் கழித்து, மிச்சத்தைப் பெரிதாக்கினால் வரும் வழக்கமான கேடு இது.

இங்கே நன்றாகக் கவனிக்க வேண்டியது ஒன்று: இதுவரை கிளாசிக்கல், மாடிஃபைடு என்ற பேச்சே வரவில்லை. இரண்டு நிரல்கள் மட்டும் இருந்தால் இரண்டும் வரிக்கு வரி ஒரே கணக்கு. மாடிஃபைடு முறையிலும் `q1·q2` இதே −7×10⁻⁹ தான். ‘மாற்றினால் முழுதாகத் தீருமா’ என்ற உங்கள் கேள்விக்கு விடை இந்த இடத்திலேயே கிடைத்துவிடுகிறது.

மூன்றாம் நிரலில்தான் பாதை பிரிகிறது. கிளாசிக்கலில் இரண்டு கெழுக்களும் அசல் `a3`-இலிருந்து வருகின்றன. `r13 = q1·a3 = 1`. `r23 = q2·a3 = 0`, ஏனென்றால் `q2`-வில் எண்கள் இருக்கும் இடத்தில் `a3`-இல் பூஜ்யம். கழித்தால் `v = (0, -d, 0, d)`, எனவே `q3 = (0, -1, 0, 1)/√2`. இதை `q2`-வோடு பெருக்குங்கள்: சரியாக 1/2 வருகிறது. இரண்டு வெக்டர்களுக்கும் இடையே 90 பாகை இருக்க வேண்டும்; இருப்பதோ 60 பாகை. இதை ரவுண்டிங் பிழை என்று சொல்லவே முடியாது, விடையே தவறு.

மாடிஃபைடில் `r13 = 1`-ஐக் கழித்தபின் மிஞ்சுவது `v = (0, -d, 0, d)`. அடுத்த கெழு இந்த மிச்சத்தோடு எடுக்கப்படுகிறது: `r23 = q2·v = d/√2`. அதையும் கழித்தால் `(0, -d/2, -d/2, d)`, நீட்டினால் `q3 = (0, -1, -1, 2)/√6`. இப்போது `q2·q3 = 0`. `q1·q3` சுமார் −4×10⁻⁹. `q1`-ஓடு இருக்கும் சிறு பிசகு நீங்கவில்லை, ஆனால் அது வளரவும் இல்லை.

கிளாசிக்கல் முறை `r23`-க்கு 0 என்று சொன்னது எதனால்? `a3`-ஐ `q1 + (0, -d, 0, d)` என்று பிரித்துப் பாருங்கள். அப்போது `q2·a3` இரண்டு பகுதிகளாகிறது. ஒன்று, நாம் தேடும் உண்மையான கெழு `d/√2`. இன்னொன்று `q2·q1`, பூஜ்யமாக இருக்க வேண்டிய அது முந்தைய அடியில் நடந்த பிசகால் `-d/√2` ஆகிவிட்டது. இரண்டையும் கூட்டினால் 0. பிழை, வேண்டிய விடையின் அளவுக்கே வந்து அதைத் துடைத்துவிட்டது. இந்த அணியில் அது சரியாக அடிபட்டுப் போனது தற்செயல். ஆனால் இரண்டும் ஒரே அளவில் வருவது தற்செயல் இல்லை. அசல் நிரலில் `q1` திசையின் பங்கு 1 என்ற பெரிய அளவில் இருக்கிறது. `q1`-க்கும் `q2`-க்கும் இடையிலான பிசகு அந்த 1-ஆல் பெருக்கப்பட்டு வந்து சேர்கிறது. நாம் அளக்க வேண்டிய மிச்சமோ 10⁻⁸ அளவுதான்.

மாடிஃபைடில் அந்தப் பெரிய பங்கை முதலிலேயே எடுத்துவிடுகிறோம். பிறகு `q2`-வோடு பெருக்கும்போது, `q1` திசையில் மிஞ்சியிருப்பது மிகக் குறைவு. அதே பிசகு இப்போது அந்தக் குறைந்த அளவால் பெருக்கப்படுகிறது. மாடிஃபைடு முறையின் பலம் முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. பழைய பிழையை அது திருத்துவதில்லை. அடுத்த கெழுவுக்குள் அது பெரிதாகி நுழையாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே.

இனி உங்கள் `A − QR` பற்றி. மேலே கிளாசிக்கலில் வந்த `q3`-ஐ எடுத்துக்கொண்டு மூன்றாம் நிரலைத் திரும்பக் கட்டிப் பாருங்கள்: `1·q1 + 0·q2 + d√2·q3`. விடை `(1, 0, 0, d)`, அதாவது `a3` அச்சு அசலாக. 60 பாகைக் கோணம் இருந்தும் பெருக்கல் சரியாக வருகிறது! இதில் வியப்பில்லை. கெழு எவ்வளவு தவறாக இருந்தாலும், கழித்த அதே அளவைத்தான் `R`-இல் எழுதி வைத்திருக்கிறோம். திரும்பக் கூட்டினால் பழைய நிரல் வந்துதானே தீரும்? ஆகவே `A − QR` செங்குத்துத்தன்மையைப் பற்றி எதுவுமே சொல்லாது. பார்க்க வேண்டியது இது:

```python
Q, R = gs(A, modified=True)
print(np.linalg.norm(np.eye(A.shape[1]) - Q.T @ Q, 2))
```

இரண்டு முறைகளையும் சோதித்து ‘இரண்டிலுமே எச்சம் பூஜ்யம், வித்தியாசமே இல்லை’ என்று முடிவுக்கு வருபவர்கள் பெரும்பாலும் இந்த வரியைப் போட்டுப் பார்க்காதவர்கள்.

சரி, எவ்வளவு கெடும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும். மாடிஃபைடு முறையில் `‖I − QᵀQ‖` என்பது அணியின் கண்டிஷன் நம்பர் κ-வையும் ரவுண்டிங் அலகு `u`-வையும் பெருக்கினால் வரும் அளவில் அடங்கும் என்று ஸ்வீடனைச் சேர்ந்த ஒக்கே பியோர்க் 1967-இல் நிறுவினார். மாடிஃபைடு சிறந்தது என்பது அதற்கு முந்தைய ஆண்டே ரைஸ் செய்த சோதனைகளில் தெரிந்திருந்தது. காரணத்தைக் கணக்காகக் காட்டியது பியோர்க்தான். கிளாசிக்கலுக்கு κ-வின் வர்க்கம் வருகிறது: κ²u. இதை ஒழுங்காக நிறுவ 2005 வரை ஆயிற்று. அதுவும் κ²u ஒன்றைவிடச் சிறியதாக இருக்கும்வரைதான் செல்லும்.

நம் அணிக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். κ என்பது ஏறக்குறைய `√3/d`, அதாவது 1.7×10⁸. மாடிஃபைடுக்கு κu சுமார் 2×10⁻⁸. நாம் கண்ட மிகப் பெரிய பிசகு 7×10⁻⁹. பொருந்துகிறது. கிளாசிக்கலுக்கு κ²u மூன்றுக்கும் மேல் போகிறது. ஒன்றைத் தாண்டிவிட்டால் எந்த உத்தரவாதமும் கிடையாது. 60 பாகை வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பொதுவாகச் சொன்னால், டபுள் பிரிசிஷனில் κ 10⁸-ஐ நெருங்கும்போதே கிளாசிக்கல் கையை விரித்துவிடும். மாடிஃபைடு 10¹⁶ வரை மெதுவாகத் தேய்ந்துகொண்டே போகும். சிங்கிள் பிரிசிஷனில் ஓடவிட்டால் இந்த எல்லைகள் முறையே சில ஆயிரத்துக்கும் ஒன்றரைக் கோடிக்கும் இறங்கிவிடும். GPU-வில் வேலை செய்பவர்கள் கிளாசிக்கலில் சீக்கிரமே மாட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். `np.linalg.cond(A)` பெரிதாக வந்தாலே பயப்பட வேண்டியதில்லை. ஒரு நிரல் கோடிக் கணக்கிலும் இன்னொன்று பின்னங்களிலும் இருந்தால், அந்த அளவு வித்தியாசமே κ-வை ஏற்றிவிடும். ஆனால் கிராம்-ஷ்மிட் ஒவ்வொரு நிரலையும் கடைசியில் ஓரலகு நீளத்துக்குக் கொண்டுவந்துவிடுவதால் நிரல்களின் அளவு அதைப் பாதிப்பதில்லை. மூலைவிட்டத்தில் 1-உம் 10⁻¹⁰-உம் உள்ள 2×2 அணிக்கு κ 10¹⁰; ஆனால் கிராம்-ஷ்மிட் அதில் ஒரு இலக்கம்கூட இழக்காது. எனவே முதலில் நிரல்களை ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் κ-வைப் பாருங்கள். அப்போதும் பெரிதாக இருந்தால்தான் அது நிரல்களுக்கு இடையிலான சார்பைக் காட்டுகிறது.

அடுத்ததாக, மாடிஃபைடுக்கு மாறியவர்களும் சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. லீஸ்ட் ஸ்கொயர்ஸ் கணக்குக்காகத்தான் பெரும்பாலானவர்கள் QR பக்கம் வருகிறார்கள்; நீங்களும் அதற்காகவே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வழக்கம்போல `Rx = Qᵀb` என்று தீர்ப்போம். அதே அணியில், விடை `x = (1, 1, 1)` என்று நமக்கு முன்பே தெரியும்படி `b = (3, d, d, d)` என்று வைத்து, மாடிஃபைடு தந்த `Q`, `R`-ஐக் கொண்டு தீர்த்துப் பார்க்கலாம்.

`q1·b = 3` (இங்கேயும் `d²` ரவுண்டிங்கில் மறைகிறது). `q2·b` என்பது `(-d + d)/√2`, பூஜ்யம். `q3·b` என்பது `(-d - d + 2d)/√6`, அதுவும் பூஜ்யம். பின்னாலிருந்து தீர்த்தால் `x3 = 0`, `x2 = 0`, `x1 = 3`. விடை `(3, 0, 0)`! மாடிஃபைடு முறையில்தான் வந்திருக்கிறது இது. ஒரு இலக்கம்கூடச் சரியில்லை.

காரணம் புதிதல்ல. `b`-யின் பெரும்பகுதி `q1` திசையில், 3 என்ற அளவில் இருக்கிறது. `q1`-க்கும் `q2`-க்கும் உள்ள 7×10⁻⁹ பிசகு அந்த 3-ஆல் பெருக்கப்பட்டு 2.1×10⁻⁸ ஆகிறது. `q2` திசையில் வர வேண்டிய உண்மையான கெழு `3d/√2`, அதுவும் 2.1×10⁻⁸. அடிபட்டுப் போய்விட்டது. `Q`-வை மாடிஃபைடு முறையில் கட்டினோம்; ஆனால் `Qᵀb` என்று ஒரே மூச்சில் பெருக்கியபோது, `b`-யைப் பொறுத்தவரை கிளாசிக்கல் முறைக்கே திரும்பிவிட்டோம்.

`b`-யையும் இன்னொரு நிரல் போலவே நடத்துங்கள். `z1 = q1·b = 3`, அதைக் கழித்தால் மிஞ்சுவது `(0, -2d, d, d)`. அந்த மிச்சத்தோடு `q2`-வைப் பெருக்கினால் `z2 = 3d/√2`, கழித்தால் `(0, -d/2, -d/2, d)`. அதோடு `q3`-ஐப் பெருக்கினால் `z3 = 3d/√6`. இப்போது `Rx = z`-ஐத் தீர்ப்போம். `r33 = d√6/2`, எனவே `x3 = 1`. `r22 = d√2`, `r23 = d/√2`, எனவே `x2 = 1`. கடைசியாக `x1 = 3 − 1 − 1 = 1`. அதே `Q`, அதே `R`. பெருக்கும் வரிசையை மாற்றியதும் `(3, 0, 0)` போய் `(1, 1, 1)` வருகிறது. கோடாக எழுதினால்:

```python
n = A.shape[1]
z = np.zeros(n)
y = b.copy()
for j in range(n):
    z[j] = Q[:, j] @ y
    y = y - z[j] * Q[:, j]
x = np.linalg.solve(R, z)
```

இது இந்த உதாரணத்துக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டம் இல்லை. `A`-யின் மேல் `n` பூஜ்ய நிரைகளைச் சேர்த்து, அந்த நீண்ட அணிக்கு, பிரதிபலிப்புகளால் QR காணும் ஹவுஸ்ஹோல்டர் முறையைப் போட்டால், அது அடிக்கு அடி மாடிஃபைடு கிராம்-ஷ்மிட்டாகவே இருக்கும் என்பதை முதலில் கவனித்தவர் சார்ல்ஸ் ஷெஃபீல்ட். பியோர்க்கும் பெய்ஜும் 1992-இல் அதை முழுமையாக விரித்து எழுதினார்கள். ஹவுஸ்ஹோல்டர் முறையின் நம்பகத்தன்மை இந்த வழியாக மாடிஃபைடுக்கும் வந்துசேர்கிறது. ஆனால் `b`-யையும் அதே அடிகளில் கொண்டுபோனால்தான். என் பார்வையில், இந்தத் தலைப்பு முழுவதிலும் மிக அழகான முடிவு இதுதான். மாடிஃபைடின் `Q` செங்குத்தாக இல்லாமல் போனாலும் `R` நம்பத்தக்கது என்பதை ஒரே பார்வையில் விளக்கிவிடுகிறது.

(அதே கணக்கை `AᵀA x = Aᵀb` என்று போட நினைத்தால், `AᵀA`-வின் மூலைவிட்டத்தில் இருப்பது `1 + d²`. கணினியில் அது 1. எல்லா இடத்திலும் 1 உள்ள அணி கிடைக்கும். அதைத் தீர்க்கவே முடியாது. லாய்க்லியின் அணி இன்று முக்கியமாக நினைவுகூரப்படுவது இதற்காகத்தான்.)

சில வேலைகளுக்கு `R` மட்டும் சரியாக இருந்தால் போதாது, `Q`-வே பதினாறு இலக்கத்துக்குச் செங்குத்தாக வேண்டும். ஐகன் மதிப்புக் கணக்குகள், ஒரு துணைவெளிக்கு அடிப்படை அமைத்து அதன்மேல் வீழ்த்துவது போன்றவை அப்படி. அங்கே மாடிஃபைடு போதாது. அதற்கு வழி, கழிப்பதை இன்னொரு முறை செய்வது. ஒவ்வொரு நிரலிலும் ஒரு சுற்று கழித்து முடித்த பிறகு, மிச்சத்தை எடுத்து மறுபடியும் எல்லா `q`-க்களின் பங்கையும் கழிக்க வேண்டும்:

```python
v = A[:, k].copy()
for _ in range(2):
    s = Q[:, :k].T @ v
    v = v - Q[:, :k] @ s
    R[:k, k] += s
```

இது கிளாசிக்கல்தான், இரண்டு சுற்று. நம் அணியில் என்ன ஆகிறது என்று பாருங்கள். இரண்டாம் நிரலில் முதல் சுற்று முடிந்தபின் `v = (0, -d, d, 0)`. இரண்டாம் சுற்றில் `q1·v = -d²`. 1-க்குப் பக்கத்தில் காணாமல் போன அதே 10⁻¹⁶ இங்கே தனியாக நிற்பதால் கணினிக்கு நன்றாகத் தெரிகிறது! அதைக் கழித்ததும் `v`-யின் முதல் எண் 0-விலிருந்து `d²` ஆகிறது. நீட்டினால் `q2`-வின் முதல் எண் 7×10⁻⁹. அது வந்ததும் `q1·q2` பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது. மூன்றாம் நிரலிலும் பலன் உடனே தெரியும்: `q2·a3` இப்போது 0 இல்லை, சரியான `d/√2`.

ஏன் இரண்டு சுற்று போதும், மூன்று நான்கு வேண்டாமா? முதல் சுற்றில் நிரலின் நீளம் 1-லிருந்து 10⁻⁸-க்குச் சுருங்கியது. பிழையைப் பெரிதாக்கியது அந்தச் சுருக்கம்தான். இரண்டாம் சுற்றில் `v` ஏற்கெனவே ஏறக்குறையச் செங்குத்தாக இருப்பதால் நீளம் மாறுவதே இல்லை. சுருக்கம் இல்லை என்றால் பெரிதாவதும் இல்லை. காஹனும் பார்லெட்டும் ‘இரண்டு முறை போதும்’ என்று சொன்னதன் அடிப்படை இது. நிரல்கள் இயந்திரத் துல்லியத்துக்குள் உண்மையிலேயே சாராதவையாக இருக்கும்வரை இது செல்லும்.

எப்போதும் இரண்டாம் சுற்றுக்குச் செலவிட வேண்டாம் என்றால் நீளத்தைக் கண்காணிக்கலாம். கழித்த பிறகு உள்ள நீளத்தை முந்தைய நீளத்தால் வகுத்துப் பாருங்கள். விகிதம் 1/√2-க்குக் கீழே போனால் மறுசுற்று செய் என்பது பலரும் பின்பற்றும் விதி. சிலர் 1/10 வரை பொறுத்துக்கொள்வார்கள். இரண்டாம் சுற்றிலும் நீளம் மறுபடி பெரிதாகச் சுருங்கினால் செய்தி வேறு: அந்த நிரலில் புதிய திசையே இல்லை, மிச்சமிருப்பது வெறும் ரவுண்டிங் இரைச்சல். அதை நீட்டி `q` ஆக்கிக்கொள்ளக் கூடாது. நிரலை விட்டுவிட வேண்டும், அல்லது அணியின் ரேங்க் குறைகிறது என்று பயனருக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டு சுற்றுக் கிளாசிக்கல் இருமடங்கு வேலையாயிற்றே, மாடிஃபைடே மேல் அல்லவா என்று தோன்றும். பெரிய இயந்திரங்களில் நிலைமை வேறு. மாடிஃபைடில் ஒவ்வொரு கெழுவும் முந்தைய கழித்தலுக்காகக் காத்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான புராசசர்களில் வெக்டர் பரவிக் கிடந்தால் ஒவ்வொரு புள்ளிப் பெருக்கலுக்கும் அனைத்தும் ஒருமுறை பேசிக்கொள்ள வேண்டும். நூறாவது நிரலில் 99 தடவை. கிளாசிக்கலில் எல்லாக் கெழுக்களையும் `Q.T @ v` என்று ஒரே பெருக்கலில் எடுத்துவிடலாம். சுற்றுக்கு ஒரு தடவை பேசினால் போதும். அதனால் பாடநூல்கள் ஓரங்கட்டிய கிளாசிக்கல் முறை, இரண்டு சுற்று வடிவத்தில் இன்று பெரிய கணக்குகளில் மீண்டும் முன்னுக்கு வந்திருக்கிறது.

உங்கள் நிலைக்கு வருகிறேன். அணி முழுவதும் கையில் இருக்கிறது, நினைவகத்தில் அடங்குகிறது என்றால் கிராம்-ஷ்மிட்டை எழுதவே வேண்டாம். `np.linalg.qr` உள்ளே ஹவுஸ்ஹோல்டர் முறையைப் பயன்படுத்துகிறது. நிரல்கள் எவ்வளவு நெருங்கிக் கிடந்தாலும் அதன் `Q` இயந்திரத் துல்லியத்துக்குச் செங்குத்தாகவே வரும். நிரல்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும் கணக்கு என்றால், அதாவது முந்தைய `q`-வை வைத்துத்தான் அடுத்த நிரலே பிறக்கிறது என்றால், கிராம்-ஷ்மிட்தான் இயல்பான வழி. அங்கே இரண்டு சுற்றுக் கிளாசிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய சமன்பாட்டுத் தொகுதிகளைப் படிப்படியாகத் தீர்க்கும் GMRES போன்ற முறைகளுக்கு மட்டும் ஒரு சுற்று மாடிஃபைடே போதும். அங்கே `Q` கெடுவதற்குள் விடை வந்து சேர்ந்துவிடும் என்பதை பெய்ஜ், ரொஸ்லொஸ்னிக், ஸ்ட்ரகோஷ் மூவரும் 2006-இல் நிறுவிக் காட்டினார்கள்.

இப்போதைக்கு, மேலே உள்ள `gs`-ஐ லாய்க்லி அணியில் `d`-ஐ `1e-2`, `1e-4`, `1e-6`, `1e-8` என்று குறைத்துக்கொண்டே ஓடவிட்டு `‖I − QᵀQ‖`-ஐ எழுதிக்கொள்ளுங்கள். `d` நூறு மடங்கு குறையும்போது மாடிஃபைடின் பிசகு ஏறக்குறைய நூறு மடங்கு ஏறும். கிளாசிக்கலுடையது பத்தாயிரம் மடங்கு வரை ஏறக்கூடும். அதே ஓட்டத்தில் `np.linalg.norm(A - Q @ R)`-ஐயும் பக்கத்தில் அச்சிடுங்கள்; எல்லா வரிகளிலும் அது 10⁻¹⁶-க்குப் பக்கத்திலேயே நிற்கும்.